செக்ரோலில் பேர் பதியுமுன் பார்க்க வேண்டியவை



தோட்டத்தில் புதிதாகப் பேர் பதிய வரும் பிள்ளைகள் எங்களிடம் கேட்பது ஒரே கேள்விதான். "ஐ.டி. காட் இருந்தா போதும்தானே ஐயா?" போதாது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பேங்க் புத்தகத்தின் முதல் பக்கம், பின்னுரித்தாளரின் விபரம் ஆகிய நான்கையும் முதல் சம்பளம் போடுவதற்கு முன் ஆபிசில் கொடுக்க வேண்டும். கொடுப்பதைவிட முக்கியமானது, அவை ஒன்றோடு ஒன்று ஒத்துப்போவது.

இதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்தெடுத்த ஒரு தாய், 50 வயதானதும் சேமலாபப் பணத்துக்கு விண்ணப்பித்தார். பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 என்பது உங்களுக்குத் தெரியும். அவருடைய பேர் பிறப்புச் சான்றிதழில் முத்துலெட்சுமி. அடையாள அட்டையில் லெட்சுமி. தோட்டத்துப் புத்தகத்திலோ, பழைய கிளாக்கர் காதில் விழுந்தபடி லெச்சிமி. மூவரும் ஒருவரே என்று காட்ட சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி, தோட்டத்துக் கடிதம், பதுளைக்குப் பல தடவை பஸ் பயணம். மாதக் கணக்கில் அலைந்தார். பேர் பதிந்த அன்றைக்குப் பத்து நிமிடம் செலவழித்திருந்தால் இது தேவைப்பட்டிருக்காது.

ஏன் முதல் சம்பளத்துக்கு முன்பே என்று கேட்பீர்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டப்படும். தோட்டம் தன் பங்காக 12 வீதம் சேர்க்கும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு, அதாவது ஈ.ரி.எப்.புக்கு, இன்னொரு 3 வீதத்தையும் தோட்டமே கட்டும். அதை உங்களிடம் வெட்டக்கூடாது. இந்த நிதிகளுக்குக் கணக்கெடுக்கும் உழைப்பு 20,000 ரூபா என்றால், உங்களிடமிருந்து 1,600, தோட்டத்திலிருந்து 2,400, ஈ.ரி.எப்.புக்கு 600. இந்தப் பணம் உங்கள் பேர், அடையாள அட்டை இலக்கம், அங்கத்துவ இலக்கம் மூன்றையும் வைத்துத்தான் உங்கள் கணக்கில் போய்ச் சேருகிறது. முதல் மாதம் இலக்கம் பிழைத்தால் அடுத்த மாதமும் அதே பிழையோடுதான் போகும்.

அடையாள அட்டை இலக்கத்தை நீங்களே சோதிக்கலாம். 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த வருசம். அடுத்த மூன்றும் வருசத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் பிள்ளை என்றால் அதோடு 500 கூடும். 2006 ஜனவரி 10இல் பிறந்த பெண்ணின் இலக்கம் 2006510 என்று தொடங்க வேண்டும். கிளாக்கர் 2006010 என்று எழுதினால் அது ஆணுக்குரிய இலக்கம். ஆபிஸ் புத்தகத்தில் உங்கள் இலக்கம் பதியப்படும்போது பக்கத்தில் நின்று, அட்டையைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்துப் பாருங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. கிளாக்கர்மாரும் மனிதர்தான்.

அட்டையே இல்லாதவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் முதல் படி. 15 வயது நிறைந்தால் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். தோட்டத்தில் இருப்பவர்களின் விண்ணப்பத்தைத் துரை உறுதிப்படுத்தலாம். வீட்டில் பிறந்து பதியாமல் விட்டவர்கள் பிரதேச செயலகத்தில் உத்தேச வயதுச் சான்றிதழ் பற்றி விசாரிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பேர் பிழையென்றால் அதைத் திருத்திவிட்டு அட்டை எடுப்பதே நல்லது. பிழையோடு அட்டை எடுத்தால் இரண்டு வேலை. வயதைக் கூட்டிச் சொல்லி வேலைக்கு வருவதும் வேண்டாம். 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 16 வயது நிறையாதவரை வேலைக்கு எடுக்க முடியாது.

பின்னுரித்தாளர் என்பது, உங்களுக்கு ஏதும் நேர்ந்தால் சேமலாபப் பணத்தைப் பெறுபவர். "பிறகு பார்ப்போம்" என்று பலர் அந்த இடத்தை வெறுமையாக விடுகிறார்கள். பிறகு உரித்தை நிரூபிக்க வீட்டார்தான் அலைய வேண்டும். தாயோ கணவரோ, யாரைப் போட்டாலும் அவருடைய பேரும் அவரது அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். கலியாணம் முடிந்ததும் ஆபிசுக்கு வந்து அந்த விபரத்தை மறுபடி பாருங்கள். கையொப்பமோ கைவிரல் அடையாளமோ வைக்குமுன் படிவத்தில் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பேங்க் புத்தகம் உங்கள் பேரிலேயே இருக்க வேண்டும், வீட்டுக்காரர் பேரில் அல்ல. இதில் சில தங்கைமார் எங்களோடு சண்டைக்கு வருவதுண்டு. வரட்டும், இதைச் சொல்லாமல் விடமாட்டோம்.

வேறு தோட்டத்திலோ கொழும்பிலோ முன்பு வேலை செய்தவர்கள் பழைய அங்கத்துவ இலக்கத்தையும் கொண்டு வாருங்கள். இங்கே புது இலக்கம் கிடைத்தாலும் பழைய காசு பழைய இலக்கத்தில்தான் கிடக்கும்.

முதல் சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் பேர், அங்கத்துவ இலக்கம், 8 வீத வெட்டு மூன்றையும் பாருங்கள். ஒன்று பிழைத்திருந்தாலும் அடுத்த சம்பளத்துக்கு முன் சீட்டோடு எங்களிடம் வாருங்கள்.