கேக் ஆர்டருக்கு அட்வான்ஸ் கேட்கும் வாட்ஸ்அப் செய்தி

வீட்டிலேயே கேக் செய்து விற்கும் நம் உறுப்பினர்களுக்கான பாடம் இது. பெரும்பாலும் நாம் அனுப்புகிற செய்தி இப்படித்தான் இருக்கும்:

“அக்கா கேக் 900. பாதி அட்வான்ஸ் ஜிபே பண்ணிடுங்க. மீதி அப்புறம். கேன்சல் பண்ணா பணம் திரும்ப கிடைக்காது.”

படிக்கிறவர் “சரி பண்றேன்” என்று போட்டுவிட்டு மறந்துவிடுவார். எப்போதைக்குள் என்று நாம் சொல்லவில்லையே! சனிக்கிழமை வரை பணம் வராது. மாவு கலப்பதா வேண்டாமா என்று தவிப்பது நாம்தான்.

முதலில் தொகையைப் பார்ப்போம். எல்லோரும் பாதி கேட்கிறார்கள் என்று நாமும் பாதி கேட்கிறோம். அது எப்போதும் சரியாக வராது. குழந்தையின் பெயர் எழுதிய 1 கிலோ சாக்லேட் கேக் 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மைதா, முட்டை, வெண்ணெய், கிரீம், சாக்லேட், அட்டை, டப்பா எல்லாம் சேர்த்து 420 ரூபாய். மேலே குத்தும் பெயர் அட்டையை வெளியில் செய்து வாங்க 80 ரூபாய். ஆக, கைக்காசு 500. பாதி அட்வான்ஸ் என்றால் 450தான். கடைசி நேரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், வேறு பிள்ளையின் பெயர் உள்ள கேக்கை யார் வாங்குவார்கள்? உழைப்பும் போய், கையிலிருந்து 50 ரூபாயும் போகும். அதனால் பொருளுக்குப் போகும் தொகையைக் கணக்குப் போட்டு, அதை அட்வான்ஸாகக் கேளுங்கள். இங்கே அது 500.

அடுத்து நாள். ஞாயிறு 14ஆம் தேதி கேக் கொடுக்க வேண்டும். பொருள் வாங்கப் போவது வெள்ளி காலை. அப்படியானால் பணம் வியாழன் மாலைக்குள் வர வேண்டும். வெள்ளி காலை வரை நமக்குச் செலவு ஏதும் இல்லை. அதுவரை வேண்டாம் என்று சொன்னால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுப்பதுதான் நியாயம். நம்மால் கேக் கொடுக்க முடியாமல் போனாலும் அப்படியே. இதையும் எழுதிவிட்டால் “திரும்பக் கிடைக்காது” என்ற வார்த்தை மிரட்டலாகத் தெரியாது.

மூன்றாவது, பெயர். பலருக்கு ஜிபே வீட்டுக்காரர் கணக்கிலோ மகன் கணக்கிலோ இருக்கும். அனுப்புகிறவர் திரையில் வேறு பெயர் வந்தால், தப்பான ஆளுக்குப் போகுதோ என்று நிறுத்திவிடுவார். திரையில் வரும் பெயரை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். (உங்கள் சொந்தக் கணக்கு என்றால் இந்தச் சிக்கலே இல்லை!)

இப்போது செய்தியைத் திருத்தி எழுதுவோம்:

“வணக்கம் அக்கா. 1 கிலோ சாக்லேட் கேக், ஞாயிறு 14ஆம் தேதி மாலை 4 மணிக்கு.
மொத்தம் ரூ.900. அட்வான்ஸ் ரூ.500. மீதி ரூ.400 கேக் வாங்கும்போது.
அட்வான்ஸ் வியாழன் 11ஆம் தேதி மாலை 6 மணிக்குள் அனுப்புங்க. பணம் வந்த பிறகுதான் ஆர்டர் உறுதி.
வெள்ளி காலை 10 மணிக்குள் வேண்டாம்னு சொன்னா முழுப் பணமும் திருப்பித் தருவேன். அதுக்குப் பிறகு பொருள் வாங்கிடுவேன், திருப்பித் தர முடியாது. என்னால கேக் தர முடியலைன்னா முழுசா திருப்பித் தருவேன்.
ஜிபே நம்பர் கீழே. திரையில் ……… என்று பெயர் வரும்.”

நம்பரைத் தனிச் செய்தியாக அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அழுத்திப் பிடித்து நகல் எடுத்தால் செய்தி முழுவதும் சேர்ந்து வரும். நம்பர் தனியாக இருந்தால் அது மட்டும் வரும். பார்த்துப் பார்த்து அடிக்கும்போது ஒரு எண் மாறிப்போகிற வம்பும் இல்லை.

காசிமேடு பக்கம் ஆர்டர் எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வருமானத்தை நம்பும் வீடுகளில் கையில் காசு இருக்காது. தெரிந்த வீடு என்றால் 500ஐ இரண்டு தவணையாகக் கேட்கலாம். ஆனால் இரண்டாவது தவணையும் பொருள் வாங்கும் முன் வந்துவிட வேண்டும்.

பணம் அனுப்பியதாகப் படம் வந்தால் அதை மட்டும் நம்பாதீர்கள். அப்படிப் படத்தைப் போலியாகவும் செய்கிறார்கள். உங்கள் கணக்கைத் திறந்து 500 ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பணம் வாங்குவதற்கு நாம் ரகசிய எண் அடிக்க வேண்டியதே இல்லை. அடிக்கச் சொன்னால் நம் பணம்தான் போகப்போகிறது. கணக்கில் பார்த்த பிறகு இப்படிப் பதில் போடுங்கள்: “ரூ.500 வந்தது அக்கா. ஆர்டர் உறுதி. மீதி ரூ.400, ஞாயிறு 4 மணிக்கு.”