ஒப்புகைக் கடிதம்: பெற்றோம் என்பதற்கு அப்பால்

நுழையும்முன்

ஒருவர் தந்த தாள் நம் கைக்கு வந்து சேர்ந்தது என்று அறிவிக்கும் சிறு கடிதமே ஒப்புகைக் கடிதம். கடித வகைகளுள் இதனை எளிது எனக் கருதிப் பலரும் கடந்துவிடுவர். ஆனால், அனுப்பியவர் அடுத்து என்ன செய்வது, எத்தனை நாள் காத்திருப்பது என்பன இதில் இடம்பெறும் ஓரிரு தொடர்களைப் பொறுத்தே அமைகின்றன. அத்தொடர்களை எழுதும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

*

வட்டாட்சியர் அலுவலகச் சாளரத்தின் முன் நிற்கும் உழவர் ஒருவர், மனுவைக் கொடுத்துவிட்டு உடனே நகர்வதில்லை. "எப்பங்க வரட்டும்?" என்று கேட்பார். கொங்கு நாட்டில் இக்கேள்வியைக் கேட்காத அலுவலக வாயில் இல்லை. மனு வந்து சேர்ந்ததா என்பது அவருக்கு ஐயமில்லை, கையாலேயே கொடுத்தார். அடுத்து அது யாரிடம் போகும், மறுபடியும் பேருந்து ஏறி எந்த நாளில் வரவேண்டும் என்பவையே அவர் அறிய விரும்புவன. நல்ல ஒப்புகைக் கடிதம் அவ்வினாவை அவர் கேட்கும் முன்பே விடையாகத் தாங்கியிருக்கும்.

பட்டப்படிப்பு முடித்த ஆண்டில் யானும் ஒரு நிறுவனத்திற்குச் சான்றிதழ்களின் நகல்களுடன் விண்ணப்பம் அனுப்பினேன். 'பெறப்பட்டது' என்ற முத்திரையுடன் ஒரு சீட்டு வந்தது. அதில் நாளும் இல்லை, எண்ணும் இல்லை. நான்கு மாதங்கள் காத்திருந்து நேரில் சென்றபோது, ஒரு நகல் குறைவாக இருந்தமையால் விண்ணப்பம் தனியே வைக்கப்பட்டுள்ளது என்றனர். அக்குறையை முதல் வாரத்திலேயே தெரிவித்திருந்தால் ஓர் அஞ்சல் வில்லையில் முடிந்திருக்கும்.

காலம் வரையறுக்கப்பட்ட ஒரு சூழல்

விரைவில் தெரிவிப்போம் என்று எழுதி ஒருவர் தப்பித்துக்கொள்ள இயலாத சூழலை எடுத்துக்கொண்டால் கற்பது எளிதாகும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 அத்தகையது. (இப்பொருளில் தமிழ்நாடு 1997ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றியது என்பதையும் மாணவர் அறிந்திருத்தல் நன்று.) மையச் சட்டத்தின்படி, விண்ணப்பம் பெற்ற நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் பொதுத் தகவல் அலுவலர் விடை தருதல் வேண்டும். கேட்ட தகவல் வேறோர் அலுவலகத்திடம் இருப்பின், விண்ணப்பத்தை அல்லது அதன் உரிய பகுதியை ஐந்து நாட்களுக்குள் அங்கு மாற்றி அனுப்பி, அவ்வாறு மாற்றியதை விண்ணப்பதாரருக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று 6(3)ஆம் பிரிவு கூறுகிறது. இவ்வறிவிப்பு தன் இயல்பில் ஓர் ஒப்புகைக் கடிதமே.

தகவல் கோரிக்கைகளுக்கு மட்டுமன்றி, பொதுமக்கள் தரும் குறைதீர் மனுக்களுக்கும் தமிழ்நாட்டில் காலக்கெடு உண்டு. மனு பெற்ற மூன்று நாட்களுக்குள் ஒப்புகை வழங்கவும், ஒரு மாதத்திற்குள் தீர்வு காணவும் 2015ஆம் ஆண்டின் அரசாணை ஒன்று அலுவலகங்களைப் பணித்துள்ளது.

இனி ஒரு மாதிரி விண்ணப்பத்தைக் காண்போம். அந்தியூர் வட்டத்தில் வசிக்கும் ஒருவர், பெரிய ஏரியைப் பற்றி வட்டாட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலரிடம் இரண்டு செய்திகளைக் கேட்கிறார் எனக் கொள்வோம். ஏரியின் புல எண்களுக்குரிய நில அளவை வரைபடங்களின் நகல்கள் முதலாவது. ஏரி மதகினைச் சீரமைக்கத் தயாரித்த மதிப்பீட்டின் நகல் இரண்டாவது. பத்து ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லையும் ஒட்டியுள்ளார். விண்ணப்பம் ஜூன் 3 அன்று வந்து சேர்கிறது.

வரைபடங்கள் வருவாய்த் துறையிடம் உள்ளவை. வரட்டுப்பள்ளம் அணையிலிருந்து நீர் பெறும் இவ்வேரியின் மதகுப் பணியோ நீர்வளத் துறையைச் சார்ந்தது. எனவே ஒரே விண்ணப்பம் இரண்டாகப் பிரிகிறது. ஜூன் 6 அன்று எழுதப்படும் ஒப்புகைக் கடிதத்தின் உடற்பகுதி இவ்வாறு அமையலாம்:

> ஐயா,
>
> நில அளவை வரைபடங்கள், மதகு சீரமைப்பு மதிப்பீடு ஆகியவற்றின் நகல்களைக் கேட்டுத் தாங்கள் அனுப்பிய விண்ணப்பமும், பத்து ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லையும் ஜூன் 3 அன்று இவ்வலுவலகத்தில் பெறப்பட்டன. விண்ணப்பத்திற்கு மேற்காணும் ந.க. எண் வழங்கப்பட்டுள்ளது.
>
> தாங்கள் கேட்ட முதல் தகவல் இவ்வலுவலகத்தில் உள்ளது. அதற்குரிய பக்கங்களை எங்கள் நில அளவைப் பிரிவு எண்ணிவருகிறது. நகல் கட்டணம் செலுத்த வேண்டியிருப்பின், தொகையையும் அதனைக் கணக்கிட்ட முறையையும் ஜூன் 20க்குள் தங்களுக்குத் தனிக் கடிதத்தில் தெரிவிப்பேன். கட்டணம் தேவைப்படாவிடின், ஜூலை 3க்குள் தகவல் அனுப்பப்படும்.
>
> இரண்டாம் தகவல் நீர்வளத் துறைக்கு உரியது. ஆகையால் விண்ணப்பத்தின் அப்பகுதியை அத்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு இன்று மாற்றி அனுப்பியுள்ளேன். அதற்கான விடை அங்கிருந்து தங்களுக்கு நேரடியாக வரும். அவர் அதனைப் பெற்ற நாளிலிருந்து முப்பது நாட்கள் கணக்கிடப்படும். மாற்றல் கடிதத்தின் நகல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

இக்கடிதத்தின் முதற்பத்தி, என்ன வந்தது என்பதைப் பெயர் சுட்டிச் சொல்கிறது. 'தங்கள் விண்ணப்பமும் இணைப்புகளும்' என்று மட்டும் எழுதியிருந்தால், கட்டண வில்லை வழியில் உதிர்ந்துபோயிருந்தாலும் எவருக்கும் தெரியாது. இணைப்புகளை எண்ணி, மூலமா நகலா என்று குறிப்பிட்டு எழுதுவதற்கும் இதுவே காரணம். மூலச் சான்றிதழை அனுப்பியவருக்கு அது பத்திரமாக வந்தது என்னும் செய்தியைவிட வேண்டியது வேறில்லை. ஏதேனும் குறைவாக இருப்பின் அதையும், அதனை அனுப்ப வேண்டிய கடைசி நாளையும் இப்பத்தியிலேயே எழுதிவிடுதல் முறை.

நாள் எண்ணுதல்

'முப்பது நாட்களுக்குள்' என்பது எந்நாள் முதல் என்று சொல்லாதவரை அத்தொடருக்குப் பொருள் நிறைவதில்லை. விண்ணப்பதாரர் தாம் அஞ்சலில் சேர்த்த நாளிலிருந்து எண்ணுவார். அலுவலகம் தான் பெற்ற நாளிலிருந்து எண்ணும். மேற்கண்ட கடிதம் ஜூலை 3 என்று நாட்காட்டி நாளையே எழுதியமையால் அவ்வேறுபாட்டிற்கு இடமில்லாமற்போயிற்று.

அந்நாள் மாறவும் கூடும். வரைபடங்களும் அவற்றைச் சார்ந்த பதிவுகளும் 24 பக்கங்கள் எனத் தெரியவருகிறது என்க. பக்கத்திற்கு இரண்டு ரூபாய் வீதம் 48 ரூபாய் செலுத்துமாறு ஜூன் 20 அன்று கடிதம் அனுப்பப்படுகிறது. அதற்குள் 17 நாட்கள் கழிந்துவிட்டன, எஞ்சியவை 13. கட்டணக் கடிதம் அனுப்பிய நாளுக்கும் கட்டணம் செலுத்திய நாளுக்கும் இடைப்பட்ட காலத்தைச் சட்டம் கணக்கில் சேர்ப்பதில்லை. விண்ணப்பதாரர் ஜூலை 2 அன்று பணம் செலுத்துகிறார். அன்றிலிருந்து எஞ்சிய 13 நாட்களை எண்ணினால், புதிய கடைசி நாள் ஜூலை 15.

இங்கேதான் பெரும்பாலான கடிதங்கள் தவறுகின்றன. கட்டணம் கேட்கும் கடிதம் தொகையைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. முன்பு அறிவித்த ஜூலை 3 அன்று தகவல் வராதபோது, விண்ணப்பதாரர் தம் கோரிக்கை மறுக்கப்பட்டது எனக் கருதி மேல்முறையீட்டுக்கு ஆயத்தமாவார். உரிய காலத்தில் விடை தராவிட்டால் மறுத்ததாகவே கொள்ளப்படும் என்று சட்டம் சொல்வதால் அவர் கருதுவதில் பிழையும் இல்லை. 'தாங்கள் கட்டணம் செலுத்திய நாளிலிருந்து 13 நாட்களுக்குள் நகல்கள் அனுப்பப்படும். ஆகவே முன்பு குறிப்பிட்ட ஜூலை 3 இனிப் பொருந்தாது' என்று இரண்டு தொடர்கள் சேர்த்திருந்தால் அவ்வலைச்சல் நேராது. முன்னர்ச் சொன்ன நாள் மாறுமாயின், அந்நாள் வருமுன்பே மாற்றத்தை எழுதுதல் வேண்டும்.

சொல் தேர்வு

ஒப்புகைக் கடிதத்தில் மிகுந்த குழப்பம் விளைவிக்கும் சொல் 'ஏற்கப்பட்டது' என்பது. 'தங்கள் விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது' என எழுதுபவர், கைக்கு வந்தது என்னும் பொருளில் எழுதுவார். படிப்பவரோ கோரிக்கைக்கு இசைவு கிடைத்துவிட்டது என மகிழ்வார். கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் இச்சொல்லை நம்பி வேறு கல்லூரிக்கு விண்ணப்பிக்காமல் இருந்த மாணவர் உண்டு. வந்து சேர்ந்ததைக் குறிக்கப் 'பெறப்பட்டது' என்றும், இசைவைக் குறிக்க 'ஒப்புதல் அளிக்கப்பட்டது' என்றும் பிரித்து ஆள்க. முடிவு இன்னும் எடுக்கப்படவில்லையெனில், 'இக்கடிதம் பெற்றமைக்கான ஒப்புகையே. முடிவு ஆகாது' என்று வெளிப்படையாக எழுதுவதில் தவறில்லை.

அடுத்தது செயப்பாட்டு வினை. 'ஆவன செய்யப்படும்', 'பரிசீலிக்கப்படும்' என்பவை நம் அலுவலகங்களில் நெடுங்காலமாகப் புழங்குபவை. இவற்றில் எழுவாய் மறைந்துவிடுகிறது. செய்பவர் யார் என்பது தெரிவதில்லை. செயப்பாட்டு வினையை அறவே விலக்க வேண்டும் என்பது எம் கருத்தன்று. 'பெறப்பட்டது' என்பதில் பெற்றவர் அலுவலகமே என்பது தெளிவு. அடுத்த பணியைச் சொல்லும்போதோ, 'எங்கள் நில அளவைப் பிரிவு எண்ணிவருகிறது', 'மாற்றி அனுப்பியுள்ளேன்' எனச் செய்பவரை முன்னிறுத்தினால், ஐயம் எழும்போது யாரிடம் கேட்பது என்பதும் உடன் விளங்கும்.

'விரைவில்', 'உரிய காலத்தில்' என்பனவற்றைப் பற்றி ஒரு சொல். நாள் குறிக்க இயலாத நிலை மெய்யாகவே உண்டு. பிறர் கருத்துரை வரவேண்டியிருக்கலாம். குழு கூடும் நாள் முடிவாகாதிருக்கலாம். அப்போது முடிவின் நாளைச் சொல்ல வேண்டா. அடுத்த செய்தியின் நாளைச் சொல்லலாம். 'குழு கூடும் நாள் இன்னும் முடிவாகவில்லை. எந்நிலையில் உள்ளது என்பதை ஆகஸ்டு 10 அன்று தங்களுக்கு எழுதுவேன்' என்பது நிறைவேற்றத்தக்க வாக்கு. காக்க முடியாத நாளைக் குறிப்பது, நாளே குறிக்காமையினும் தீது. அந்நாளை நம்பி ஒருவர் கூலி வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார்.

கற்பவை கற்றபின்

கீழ்வரும் கடிதத்தைப் படிக்க.

> தங்கள் விண்ணப்பமும் இணைப்புகளும் ஏற்றுக்கொள்ளப்பட்டன. உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு விரைவில் முடிவு தெரிவிக்கப்படும்.

உங்கள் பள்ளி நூலகத்திற்கு நூல்களை நன்கொடையாக வழங்க முன்வந்த ஒருவர், 40 நூல்களின் பட்டியலை அனுப்பினார். அவருக்கு எழுதிய விடை இது. பட்டியலின் இரண்டாம் பக்கம் வந்து சேரவில்லை. நூலகக் குழு அடுத்த மாதம் 12ஆம் நாள் கூடுகிறது. நூல்களைத் தெரிவு செய்யும் பொறுப்பு அக்குழுவினுடையது. இச்செய்திகளைக் கொண்டு அக்கடிதத்தைத் திருத்தி எழுதுக.