நெற்களஞ்சியத்தின் தரை: ஒரு சதுர மீற்றருக்குரிய கணக்கு

நாவலப்பிட்டி மகாவலிக் கரையிலே, மழை மிகுந்த மலைச்சாரலில் அமைந்த ஊர். இங்கு களஞ்சியம் கட்டுவோர் கூரை ஒழுகாமற் பார்த்துக்கொள்கின்றனர். ஆயினும் அடிமூட்டையின் நெல் பூஞ்சணம் பிடிக்கின்றது. ஈரம் நிலத்திலிருந்து மேலேறுவதே காரணம்.

நுண்ணிய மண்ணில் நீர், விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறும். பெருங்கற்களுக்கிடையேயுள்ள அகன்ற வெளிகளில் அவ்வாறு ஏறமாட்டாது. ஆதலாற் கருங்கற் படுகையின் இடைவெளிகளைக் களிமண்ணால் அடைத்தல் பெருந்தவறு. மேல்முகத்தை மட்டும் சிறுகற்களால் நிரவினாற் போதும்.

முதலில் மேல்மண்ணையும் வேர்களையும் அகற்றி நிலத்தை இடித்து இறுக்குக. அதன்மேல் 10 சென்ரிமீற்றர் மணல், நீர் தெளித்து இறுக்கப்படல் வேண்டும். இறுகும்போது தணியுமாதலால், சதுர மீற்றருக்கு 0.12 கன மீற்றர் மணல் தேவை. அடுத்து 15 சென்ரிமீற்றர் கருங்கல். கற்களைக் கையால் நெருக்கமாக நிறுத்தி அடுக்குக. இதற்கு 0.18 கன மீற்றர் கல் கொள்க. இதன்மேல் மெல்லிய மணற்பூச்சிட்டுத் தடித்த பொலித்தீன் தாளை விரித்தல் நன்று. கொங்கிரீற்று மட்டும் ஆவியை முற்றாகத் தடுக்காது.

அதன்மேல் 7.5 சென்ரிமீற்றர் கொங்கிரீற்று. சீமெந்து ஒரு பங்கு, மணல் மூன்று, கருங்கற்சல்லி ஆறு. நனைத்துக் கலக்கும்போது பொருள்களின் கனவளவு குறையும், ஆகவே 0.075 கன மீற்றர் கொங்கிரீற்றுக்கு உலர்ந்த பொருள்கள் 0.115 கன மீற்றர் வேண்டும். அதாவது சீமெந்து ஏறத்தாழ 16.6 கிலோ, மணல் 0.035, சல்லி 0.07 கன மீற்றர். இறுதியில் 2 சென்ரிமீற்றர் மேற்பூச்சு. ஒன்றுக்கு மூன்று கலவை. இதற்குச் சீமெந்து 9.6 கிலோ, மணல் 0.02 கன மீற்றர். ஆகச் சீமெந்து 26 கிலோ, ஏறக்குறைய அரை மூட்டை.

நான்கு மீற்றர் நீளமும் மூன்று மீற்றர் அகலமுமுள்ள களஞ்சியத்தின் பரப்பு 12 சதுர மீற்றர். அதற்குச் சீமெந்து 314 கிலோ. சேதாரத்துடன் 50 கிலோ மூட்டைகள் ஏழு வாங்குக. மணல் 2.1 கன மீற்றர், கருங்கல் 2.16. நூறு கன அடி கொண்ட கியூப் அளவில், இவை ஒவ்வொன்றும் முக்கால் கியூப் அளவாகும். சல்லி 0.84 கன மீற்றர். மூன்றிலொரு கியூப் கேட்டால் மிகும்.

சரிவை வெட்டிச் சமப்படுத்திய மனையில் ஒரு பாதி வெட்டிய நிலமாகவும் மறு பாதி கொட்டிய மண்ணாகவும் இருக்கும். கொட்டிய பக்கம் பின்னர் தாழ, எல்லை நெடுகத் தரை வெடிக்கும். மேலே சீமெந்து பூசி இதனைத் தீர்க்க இயலாது. அப்பக்கத்து மண்ணைச் சிறுசிறு படைகளாகக் கொட்டி, ஒவ்வொரு படையையும் முன்னமே இடித்து இறுக்கியிருத்தல் வேண்டும்.

மேற்பூச்சைத் தட்டுகையில் பொள்ளென ஒலித்தால், அது கொங்கிரீற்றுடன் ஒட்டவில்லை. கொங்கிரீற்று இறுகிய பின்னர் பூசுவதாயின் முகத்தைக் கொத்தி, கழுவி, சீமெந்துப் பாலிட்டுப் பூசுக. ஏழு நாள் ஈரமாக வைத்திருக்க.

தரை உலர்ந்த பின்னர், ஒரு முழச் சதுரமான பொலித்தீன் தாளின் விளிம்புகளை நாடாவால் ஒட்டி ஒரு நாள் விடுக. தாளின் அடியில் நீர்த்துளி கண்டால் ஈரம் இன்னும் தரையிலிருந்து வருகின்றது. மேற்புறத்தில் கண்டால் அது காற்றின் ஈரமாகும். எவ்வாறாயினும் மூட்டைகளை மரச்சட்டங்களின் மேலேயே அடுக்குக.