செக்கு எண்ணெய்க்கு மூன்று வீடியோ யோசனைகள்

எங்களிடம் எள் கொள்முதல் செய்யும் செக்கு எண்ணெய்க் கடைக்காரர் ஒருவர், தீபாவளி விற்பனைக்காக அரை நிமிட வீடியோ ஒன்று எடுக்க விரும்பினார். "எண்ணெய் சுத்தம், பழைய கடை, நியாய விலை, வீட்டுக்கே அனுப்புவோம், எல்லாம் வரணும் தம்பி" என்று வீடியோக்காரரிடம் சொன்னார். தம்பியும் மூன்று யோசனைகள் கொண்டுவந்தார். மூன்றிலும் கடை முகப்பு, எண்ணெய் டின், முதலாளி கும்பிடுவது. பாட்டு மட்டுமே வேறு. "இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் சேர்த்துவிடு" என்றார் முதலாளி. பேசிப் பேசியே தீபாவளி கழிந்துவிட்டது.

மறு வருடம் இருவரையும் உட்கார வைத்து, "இதைப் பார்ப்பவர் எதற்காக வாங்குவார்?" என்று ஒரே கேள்வியை நாங்கள் கேட்டோம். முதலாளி சொன்ன பட்டியலிலேயே மூன்று விடைகள் கிடைத்தன. விடைக்கு ஒன்றாக மூன்று யோசனைகள் எழுதினோம்.

1. விலைக்குக் காரணம் தெரிவதால். முதல் காட்சியில் தராசில் எள் கொட்டுகிறது. ஒரு லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிலோ எள், ஆட்டும்போது சேர்க்கும் கருப்பட்டி, கடைசியில் நிரம்பும் பாட்டில். பேசுபவர் முதலாளி. எடுக்கும் இடம் செக்கு.

2. ருசி நினைவுக்கு வருவதால். முதல் காட்சியில் இட்லிப் பொடியில் குழி. அதில் எண்ணெய் விழுகிறது. பேச்சே இல்லை. முதலாளி வீட்டுச் சமையலறை போதும்.

3. அலைச்சல் மிச்சமாவதால். முதல் காட்சியில் எண்ணெய் தீர்ந்த பாட்டில். வீட்டம்மா போனில் சொல்கிறார்; கடைப் பையன் வாசலில் நிற்கிறான். நடிக்க இருவர் தேவை. செலவு இதற்கே அதிகம்.

இரண்டு யோசனைகளுக்கு விடை ஒன்றாக வந்தால் அவை ஒரே யோசனைதான். ஒன்றை அடித்துவிட வேண்டும்.

ஒவ்வொன்றையும் அரைப் பக்கத்துக்குள் அடக்கினோம்: வாங்கும் காரணம், முதல் காட்சி, பேச்சு, இடம், ஆட்கள், செலவு. அரை நிமிடத்தில் சாவகாசமாகச் சொல்ல ஐம்பது சொற்களுக்கு மேல் இடமில்லை. நோய் தீரும் என்று எழுதவில்லை. உணவுப் பொருள் விளம்பரத்தில் அப்படிச் சொல்வது சட்டப்படி குற்றம். சினிமாப் பாட்டும் உரிமை பெறாமல் போடக்கூடாது.

சம்மதம் கேட்பதற்கும் ஒரு முறை வைத்தோம். மூன்று தாளையும் ஒரே நேரத்தில், முடிவு சொல்லும் உரிமை உள்ளவரிடமே கொடுத்தோம். மகனோ பங்காளியோ பிறகு மறுப்பதாக இருந்தால் அவரும் அப்போதே உடனிருக்க வேண்டும். விலை, எடை, பெயர் ஆகியவற்றைத் திருத்தலாம், இரண்டைக் கலக்கக்கூடாது. மறுநாள் மாலைக்குள் ஒன்றில் கையெழுத்து.

முதலாளி தேர்ந்தது முதல் யோசனை. "விலை ஏன் ஜாஸ்தி என்றுதான் கடையில் தினமும் கேட்கிறார்கள்" என்றார். அந்தக் கேள்வியை அவர் முதல் வருடமே சொல்லியிருந்தால் பாதி வேலை அன்றே முடிந்திருக்கும். வீடியோக்காரரிடம் போகுமுன், உங்கள் கடையில் வாடிக்கையாளர் தினமும் கேட்கும் கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள்.