கிணற்று நீர், தோட்ட மண்: தலைமைக் கூற்றுப் பகுப்பு அறிக்கையை வாசிக்கும் முறை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைநீர் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீர்ப் படையாய் மிதந்து நிற்கின்றது. அதனை இறைத்தே வெங்காயமும் மிளகாயும் செய்கை பண்ணப்படுகின்றன.

இக்கிணறுகளுக்கு இருவகைக் கேடுகள் நேரலாம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர்நீர் மேலேறும். அளவுக்கு மிஞ்சிப் பசளையிட்டால் நைத்திரேற்று பாய்ச்சும் நீரோடு கீழிறங்கிக் கிணற்றை அடையும். முன்னதற்கு இறைப்பைக் குறைத்தல் வேண்டும். பின்னதற்குப் பசளையைக் குறைத்தல் வேண்டும். கேட்டை மாற்றி அறிந்து செய்யும் பரிகாரம் பயன் தராது. பரிசோதனைச் சாலையிலிருந்து வரும் பல எண்களுள் இவ்விரு கேடுகளையும் பிரித்தறிய உதவும் ஒரு கணித முறையே தலைமைக் கூற்றுப் பகுப்பு. கார்ல் பியர்சன் 1901 ஆம் ஆண்டிலும், ஹரல்ட் ஹொட்டெலிங் 1933 ஆம் ஆண்டிலும் இதனை வகுத்தனர்.

1. கூறு என்பது யாது?

40 தோட்டங்களில் ஒரே பருவத்தில் நீரும் மண்ணும் எடுத்து, ஆறு அளவுகளைப் பார்த்ததாகக் கொள்வோம். நீரில் மின்கடத்துதிறன், குளோரைட்டு, சோடியம், நைத்திரேற்று ஆகிய நான்கு. மண்ணில் பொற்றாசியம், பீ.எச். பெறுமானம் ஆகிய இரண்டு. (கீழ்வரும் எண்கள் முறையை விளக்குதற்கென அமைக்கப்பட்டவை, எவ்வூரின் அளவீடுகளும் அல்ல.)

குளோரைட்டு ஏறிய கிணற்றில் சோடியமும் மின்கடத்துதிறனும் கூடவே ஏறும். ஒன்றாக ஏறியிறங்கும் இத்தகைய அளவுகளைச் சேர்த்துக் கட்டிய கட்டே கூறு எனப்படும். மின்கடத்துதிறன் ஆயிரக்கணக்கிலும் பீ.எச். ஏழு, எட்டு என்ற அளவிலும் இருப்பதால், அவற்றை அப்படியே கணித்தால் பெரிய எண்ணே முழுவதையும் விழுங்கிவிடும். ஆகையால் ஒவ்வோர் அளவிலிருந்தும் அதன் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, யாவற்றையும் ஒரே தரத்திற்குக் கொணர்ந்த பின்னரே பகுத்தல் வேண்டும். அறிக்கையில் இது செய்யப்பட்டதா என்பதை முதலிற் பார்க்க.

2. எத்தனை கூறுகளை எடுப்பது?

ஆறு அளவுகளிலிருந்து ஆறு கூறுகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் எவ்வளவு வேறுபாட்டைத் தன்னுள் அடக்குகின்றது என்பதை அதன் ஐகன் பெறுமானம் காட்டும். நம் உதாரணத்தில் அவை 2.89, 1.50, 0.92, 0.42, 0.17, 0.10 ஆகும். இவற்றின் கூட்டுத்தொகை, அளவுகளின் எண்ணிக்கையாகிய 6. முதற் கூறு 2.89 ஐ 6 ஆல் வகுக்க வரும் 48 வீதத்தையும், இரண்டாவது 25 வீதத்தையும் அடக்குகின்றன.

ஒன்றுக்கு மேற்பட்ட ஐகன் பெறுமானமுடைய கூறுகளை மட்டும் எடுத்தல் வழக்கம். ஓர் அளவு தனித்து நின்றால் அதன் பங்கு 1; அதனிலும் குறைந்த கூறு ஓர் அளவுக்குரிய செய்தியையும் தரவில்லை என்பது இதன் காரணம். ஆயினும் இவ்விதியை மட்டும் நம்பலாகாது. பெறுமானங்களின் சராசரி எப்போதும் 1 ஆதலால், பொருளற்ற எண்களைப் பகுத்தாலும் சில கூறுகள் ஒன்றைக் கடந்தே தீரும். எனவே, ஒவ்வோர் அளவின் எண்களையும் தோட்டங்களிடையே சீட்டுக் குலுக்குவதுபோல் மாற்றி வைத்து, பலமுறை பகுத்துப் பார்த்தல் நன்று. குலுக்கிய எண்கள் தரும் பெறுமானத்தை மிஞ்சும் கூறுகளையே கொள்ளல் வேண்டும்.

0.92 ஆன மூன்றாங் கூறு இங்கு விடப்படுகின்றது. எனினும் அது பெரும்பாலும் மண்ணின் பீ.எச். ஒன்றினாலேயே ஆனது. கூற்றை விட்டதனால் பீ.எச். வேண்டாததாகி விடாது, அதனைத் தனியே பார்த்தல் வேண்டும்.

3. சுமைகளை வாசித்தல்

ஓர் அளவு ஒரு கூற்றோடு எவ்வளவு நெருங்கிச் செல்கின்றது என்பதைக் காட்டும் எண் சுமை ஆகும்.

| அளவு | கூறு 1 | கூறு 2 |
|---|---|---|
| நீரின் மின்கடத்துதிறன் | 0.94 | −0.10 |
| நீரின் குளோரைட்டு | 0.95 | −0.20 |
| நீரின் சோடியம் | 0.92 | −0.18 |
| நீரின் நைத்திரேற்று | 0.20 | 0.88 |
| மண்ணின் பொற்றாசியம் | 0.35 | 0.80 |
| மண்ணின் பீ.எச். | −0.30 | 0.02 |

சுமையை அதனாலேயே பெருக்கினால், அவ்வளவின் வேறுபாட்டில் எத்தனை பங்கு அக்கூற்றில் அடங்கும் என்பது தெரியும். நைத்திரேற்றின் சுமை 0.88, அதன் வர்க்கம் 0.77. ஆகவே நைத்திரேற்றின் வேறுபாட்டில் 77 வீதம் இரண்டாங் கூற்றிலும், 0.20 இன் வர்க்கமாகிய 4 வீதம் மாத்திரம் முதற் கூற்றிலும் உள்ளன.

முதற் கூற்றில் மின்கடத்துதிறன், குளோரைட்டு, சோடியம் மூன்றும் ஒருங்கே நிற்பதால் அது உவர்த்தன்மையைக் குறிக்கின்றது எனலாம். இரண்டாவதில் நைத்திரேற்றும் பொற்றாசியமும் நிற்கின்றன. பொற்றாசியம் மண்ணிலே பெரிதும் தங்கும். நைத்திரேற்று நீரோடு இறங்கும். வெவ்வேறு இடங்களிற் காணப்படும் இவை ஒன்றாக ஏறுவது மிகைப் பசளையைச் சுட்டுகின்றது. சுமைகளின் குறி முழுக் கூற்றிலும் தலைகீழாக வரினும் பொருள் மாறாது. எவை ஒரே பக்கம், எவை எதிர்ப்பக்கம் என்பதையே நோக்குக.

4. பேறுகளை எழுதும் விதம்

எடுத்த கூறுகள், எடுத்த காரணம், சுமைகள், கொண்ட பொருள் என்ற ஒழுங்கில் எழுதுதல் நன்று. உதாரணமாக:

“நியமப்படுத்திய ஆறு அளவுகளிலிருந்து, குலுக்கிய எண்களின் பெறுமானத்தை மிஞ்சிய இரு கூறுகள் எடுக்கப்பட்டன. இவை மொத்த வேறுபாட்டில் 73 வீதத்தை அடக்கின. முதற் கூற்றில் மின்கடத்துதிறன், குளோரைட்டு, சோடியம் ஆகியன 0.9 இற்கு மேற்பட்ட சுமை பெற்றன. இது உவர்த்தன்மையெனக் கொள்ளப்பட்டது. இரண்டாங் கூற்றில் நைத்திரேற்று 0.88, மண்ணின் பொற்றாசியம் 0.80 சுமை பெற்றன. இது பசளையிடுதலோடு தொடர்புடையதாகலாம். மண்ணின் பீ.எச். இவ்விரண்டிலும் அடங்கவில்லை.”

“கொள்ளப்பட்டது”, “ஆகலாம்” என்னும் சொற்களைக் கவனிக்க. சுமையைத் தருவது கணிதம். பெயரை இடுபவர் எழுதுபவரே. அப்பெயரை வேறு சான்றால் சரிபார்த்தல் வேண்டும். கடலையும் களப்பையும் அண்டிய கிணறுகளில் முதற் கூறு உயர்ந்தும், கோடையில் கூடி மாரியில் குறைந்தும் காணப்பட்டால், உவர்நீர் ஏறுகின்றது என்பது வலுப்பெறும். பசளை இட்ட கணக்கோடு இரண்டாங் கூறு ஒத்துப்போனால் அதன் பெயரும் நிலைக்கும்.

5. இம்முறை சொல்லாதவை

48 வீதம் என்பதனால் பயிருக்கு நேரும் சேதத்தில் 48 வீதம் உவரால் வந்தது என்று கொள்ளலாகாது. நாம் உப்போடு சேர்ந்த மூன்று அளவுகளைச் சேர்த்தோம். ஆதலால் அக்கூறு பருத்தது. மின்கடத்துதிறனிலிருந்தே கணித்த மொத்தக் கரையுப்பையும் சேர்த்திருந்தால், புதிய செய்தி எதுவுமின்றி அது இன்னும் பருத்திருக்கும்.

தோட்டம் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் கூற்றுப் புள்ளியிலும் அவதானம் வேண்டும். புள்ளி பூச்சியம் என்றால் நீர் நல்லதென்று பொருளல்ல. அந்த 40 தோட்டங்களின் சராசரி நிலையில் உள்ளதென்றே பொருள். எல்லாக் கிணறுகளும் உவரேறியிருந்தால், குறைந்த புள்ளி பெற்ற கிணறும் வெங்காயத்திற்கு ஆகாது. ஆகையால் புள்ளியைக் கொண்டு கேட்டின் வகையை அறிக. கேட்டின் அளவை நேர் அளவீட்டாலேயே அறிக. பாய்ச்சும் நீரின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 0.8 டெசிசீமென்சைக் கடந்தால் வெங்காயத்தின் விளைவும், 2.0 ஐக் கடந்தால் நெல்லின் விளைவும் குறையத் தொடங்கும். குடிநீரில் நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமை மிஞ்சலாகாது.

உவர்க் கூற்றில் புள்ளி உயர்ந்து, அளவீடும் எல்லையைக் கடந்த தோட்டக்காரர் ஒரே மூச்சில் நெடுநேரம் இறையாது, இடைவிட்டு அளவாக இறைத்தல் வேண்டும். பசளைக் கூற்றில் உயர்ந்தவர் அடுத்த போகத்திற்கு முன் மண்ணைப் பரிசோதித்து, அதன்படி யூரியாவையும் எருவையும் குறைத்து, பல தவணைகளாகப் பிரித்து இடுதல் வேண்டும். அக்கிணற்று நீரைக் குழந்தைகளுக்குப் பால்மா கரைக்கப் பயன்படுத்தலாகாது. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது.