கருத்துக் கேட்கும் நேரம்

கிள்ளானில் ஓர் இல்லத்தரசி இணையம்வழி மண்சட்டிகள் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பொட்டலம் வாடிக்கையாளரின் வீட்டை அடைந்த அன்றே, “தயவுசெய்து ஐந்து நட்சத்திரம் கொடுங்கள்” என்று புலனத்தில் செய்தி அனுப்புகிறார். சிலர் மட்டுமே கருத்து எழுதுகின்றனர். அதுவும், ‘விரைவாக வந்தது, நன்றாகக் கட்டியிருந்தார்கள்’ என்பதோடு முடிந்துவிடுகிறது. சட்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இருக்கவும் வழியில்லை. புதிய மண்சட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, அரிசி களைந்த நீரை அதில் கொதிக்கவிட்டுப் பழக்கிய பிறகுதானே குழம்பு வைப்பார்கள்!

ஆகவே, முதல் நாளில் அவர், “சட்டி விரிசலின்றி வந்து சேர்ந்ததா?” என்று மட்டும் கேட்கலாம். உடைந்திருந்தால் மாற்றித் தர அதுவே தக்க நேரம். கருத்துக் கேட்கும் செய்தியைப் பத்து நாள் கழித்து அனுப்பலாம்:

“வணக்கம். எங்களிடம் வாங்கிய மண்சட்டியில் இதற்குள் சமைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறோம். சட்டி கசிந்ததா? அடிப்பிடித்ததா? குறை இருந்தாலும் அப்படியே எழுதுங்கள். வாங்க நினைப்பவர்களுக்கு அது உதவும். கீழே உள்ள இணைப்பைத் தட்டி எழுதலாம்.”

இச்செய்தி நட்சத்திரம் கேட்கவில்லை. சமைத்தவர் உடனே விடை சொல்லக்கூடிய இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. ‘நல்ல கருத்துக்கு விலைக்கழிவு’ என்று ஆசை காட்டினால் பாராட்டுதான் வரும், உண்மை வராது. குறை சொன்னவர்களை விட்டுவிட்டு, மகிழ்ந்தவர்களுக்கு மட்டும் செய்தி அனுப்பினாலும் அதே கதைதான். பதில் வராவிட்டால், ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்குமேலும் தொடர்ந்தால், வாடிக்கையாளர் அவருடைய எண்ணையே முடக்கிவிடக்கூடும்.