பக்கெட் மாற்றிய ராத்திரி: மாடித் தளம் சொல்லும் பாடம்

இந்த மாதப் பாடத்தை ஒரு சின்னக் கதையாகச் சொல்கிறோம். இந்தக் குடும்பம் கற்பனை. ஆனால் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் பல வீடுகளில் நடப்பதுதான் இதில் வருகிறது. குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.

2021ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 4ஆம் தேதி வந்தது. ஆவடி பக்கத்தில் ஒரு குழு உறுப்பினர் வீடு. 20 அடிக்கு 25 அடி, ஒரே தளம் போட்ட மாடி வீடு. கணவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வேலை. வீட்டில் மாமியார், இரண்டு பிள்ளைகள். போன மழைக்கே ஹால் கூரையில் பழுப்புக் கறை விழுந்திருந்தது. தீபாவளிக்கு அதன் மேல் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து மறைத்துவிட்டார்கள். மாடிக்கு யாரும் செலவு செய்யவில்லை.

நவம்பர் 6, சனிக்கிழமை ராத்திரி மழை பிடித்தது. மறுநாள் காலை வரை சென்னை நுங்கம்பாக்கத்தில் சுமார் 21 செ.மீ. பதிவானது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னை பார்த்த பெரிய மழைகளில் அது ஒன்று.

பதினோரு மணிக்கு ஹாலில் முதல் சொட்டு விழுந்தது. ஒரு பக்கெட் வைத்தார்கள். அரை மணி நேரத்தில் இன்னும் மூன்று இடம். குண்டான், அன்னக்கூடை, துணி ஊற வைக்கும் டப் எல்லாம் ஹாலுக்கு வந்தன. புதுப் பெயிண்ட் பலூன் மாதிரி உப்பித் தொங்கியது. ஃபேன் கம்பி வழியாகத் தண்ணீர் இறங்குவதை மாமியார்தான் பார்த்தார். "அம்மாடி, ஃபேன் சுவிட்சைத் தொடாதே. கையைத் துடைச்சிட்டு முதல்ல மெயினை இறக்கு" என்றார். மெயின் பெட்டி காய்ந்த இடத்தில் இருந்ததால் இறக்க முடிந்தது. பிறகு டார்ச் வெளிச்சத்தில்தான் எல்லாம். கணவர் நிறைந்ததைத் தூக்கி வாசலில் ஊற்ற, மனைவி காலியானதை வைக்க, பெரிய பிள்ளை தரையைத் துடைக்க, இப்படியே போனது ராத்திரி.

இரண்டு மணிக்கு மழை குறைந்தது. சொட்டு குறையவில்லை. "மழை விட்டும் ஏங்க சொட்டு விடலை?" என்று கேட்டபோது கணவருக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியில்தான் விஷயம் முழுவதும் இருந்தது. மூன்று மணிக்குச் சின்னப் பிள்ளையைப் பாயோடு சமையல்கட்டுக்கு இழுத்துப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பாய் கிடந்த இடத்தில் கூரைப் பூச்சு ஒரு தட்டு அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிந்தது.

விடிந்ததும் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். அதே குழுவில் இருப்பவர், இருபது வருடமாகச் சித்தாள் வேலை செய்பவர். கூரையைப் பார்க்காமல் நேராக மாடிக்குப் போனார். மூலையில் கணுக்கால் வரை தண்ணீர். குழாய் வாயில் கையை விட்டு எடுத்தார். வேப்பிலை, ஒரு பாலிதீன் கவர், நனைந்த பட்டாசுக் காகிதம் வந்தது. தண்ணீர் குடகுடவென்று இறங்கியது. ஆனால் வீட்டுக்குள் சொட்டு நிற்க இரண்டு நாள் ஆனது.

ஏன் இப்படி?

நம் பகுதி மாடிகளில் கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அதன் மேல் தட்டோடு பதிப்பது வழக்கம். ஓட்டு இடுக்கில் சிமெண்ட் பெயர்ந்தால் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கும். ஜல்லி பஞ்சு மாதிரி குடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் மழை விட்டும் சொட்டுகிறது. உள்ளே போன தண்ணீர் தளத்தின் மேல் ஓடி, விரிசல் கிடைத்த இடத்தில் இறங்கும். சொட்டும் இடமும் தண்ணீர் புகுந்த இடமும் ஒன்றாக இருக்காது. கீழே பெயிண்ட் அடித்தது வீண்செலவு ஆனது இதனால்தான்.

நனைந்த கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்தால் பருக்கும், தன்னைச் சுற்றிய கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கும். பாய் கிடந்த இடத்தில் விழுந்தது அப்படித்தான்.

அக்கா ஒரு கணக்கும் சொன்னார். 500 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை என்றால் ஏறக்குறைய 460 லிட்டர், அதாவது 15 லிட்டர் பக்கெட்டில் முப்பது. 21 செ.மீ. பெய்தால் ஒரு லாரித் தண்ணீர். இவ்வளவும் வெளியேற இருப்பது ஒன்றிரண்டு குழாய் வாய்தான். அது அடைத்தால் இடுக்கைத் தேடித்தான் தண்ணீர் போகும்.

தை மாதம் செய்த வேலை

மழைக்காலம் முடிந்து தளம் நன்றாகக் காய்ந்த பிறகு, குழுவில் கடன் எடுத்து, அந்த அக்கா சொன்ன கொத்தனாரை வைத்துச் செய்தார்கள்.

முதலில் எந்தப் பக்கம் கசிகிறது என்று சோதித்தார்கள். ஹாலுக்கு மேல் இல்லாத பகுதிகளில், ஒவ்வொன்றாக, களிமண் வரப்பு கட்டி ஒரு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, ஒரு நாள் முழுக்கக் கீழே பார்த்தார்கள். டிஷ் ஆண்டெனாவுக்கு போல்ட் போட்ட ஓட்டை, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, இரண்டிலும் கசிவு தெரிந்தது. கம்பி வெளியே தெரிந்த ஹாலின் மேல் தண்ணீர் நிறுத்த அக்கா விடவில்லை. பலம் இழந்த தளத்தில் பாரம் ஏற்றக்கூடாது.

பிறகு ஓட்டு இடுக்குகளில் இளகிய சிமெண்டை உளியால் சுரண்டி, தூசி போகக் கழுவினார்கள். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல், நீர்த்தடுப்புக் கலவை சேர்த்து, இடுக்கில் அழுத்தி நிரப்பினார்கள். மூலை முழுக்கத் தண்ணீர் வழிந்தோடும்படி வளைவாகப் பூசினார்கள். இடுக்கில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுத்தார்கள். வெட்டி மட்டும் விட்டால் மறுபடி வரும். ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டார்கள். காயவிட்டால் புதுப் பூச்சே வெடித்துவிடும்.

முழுத் தளத்துக்கும் சிமெண்ட் பால் ஊற்றினால் போதும் என்று ஒருவர் சொன்னார். இடுக்கைச் சுரண்டாமல் மேலே ஊற்றுவது வெயிலில் சீக்கிரம் வெடித்துப் போகும் என்று கொத்தனார் மறுத்துவிட்டார்.

ஹால் கூரையில் கம்பி தெரிந்த இடத்தை அப்படியே பூசி மூடவில்லை. குச்சியால் தட்டி, 'டொப்' என்று பொள்ளல் சத்தம் வந்த பூச்சு முழுவதையும் எடுத்து, கம்பியின் துருவைத் தேய்த்த பிறகே பூசினார்கள். கம்பி இளைத்திருந்தாலோ, தளம் தொய்ந்திருந்தாலோ கொத்தனார் மட்டும் போதாது, பொறியாளர் பார்க்க வேண்டும்.

அதற்கு அடுத்த வருடத்தில் இருந்து அந்த வீட்டில் இரண்டு பழக்கம். புரட்டாசியில் மாடியைப் பெருக்கி, குழாய் வாய்க்குக் கம்பி வலை போட்டு, ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றி இறங்குகிறதா என்று பார்ப்பது. தீபாவளிக்கு மறுநாள் காலை மாடிக் குப்பையை அள்ளுவது. இரண்டுக்கும் ஒரு துடைப்பம் போதும். மழை, இடி நேரத்திலும் இருட்டிலும் மட்டும் மாடிக்குப் போவதில்லை.

கூட்டத்தில் பேசுவோம்

1. மழை விட்ட பிறகும் சொட்டினால் அதற்கு என்ன அர்த்தம்? மழையே இல்லாத நாளில் சொட்டினால் எங்கே பார்க்க வேண்டும்? (மாடித் தண்ணீர் டேங்க், அதன் குழாய்.)

2. நம் குழுவில் சித்தாள் வேலை தெரிந்தவர்கள் யார் யார்? அவர்கள் எந்தெந்த வீட்டு மாடியைப் பார்த்துச் சொல்ல முடியும்?

3. வீட்டுப் பழுதுக் கடன் கேட்பவர் எந்த மாதத்தில் கேட்டால் வேலை காய்ந்த தளத்தில் நடக்கும்?